பிபி மாத்திரை ஒண்ணுதானே, ‘இல்லை’ன்னே போட்டுடலாமா?

“சார், ஒரே ஒரு பிபி மாத்திரைதானே? அதையெல்லாம் ஃபார்ம்ல போட்டா பிரீமியம் ஏறிடும், மெடிக்கல் டெஸ்ட்னு இழுப்பாங்க. ‘இல்லை’ன்னே போட்டுடறேன், ஓடிபி மட்டும் சொல்லுங்க.”

ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்த பலருக்கு இந்த டயலாக் பழக்கமா இருக்கும். ஏஜென்ட் கெட்டவர்னு நான் சொல்ல வரல. அவருக்கு பாலிசி இன்னைக்கே இஷ்யூ ஆகணும், அவ்வளவுதான். ஆனா நீங்க சொன்ன அந்த ஓடிபிதான் உங்க கையெழுத்து. ஃபார்மை நிரப்பினது யாரா இருந்தாலும், அதுல இருக்கிற பதில் உங்க பதில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கார்த்திக்னு ஒருத்தர், வயசு 34. ரெண்டு வருஷமா பிபி மாத்திரை சாப்பிடுறார். 10 லட்சம் கவர், பிரீமியம் 14,000 ரூபாய்னு வெச்சுப்போம். பிபியைச் சொல்லியிருந்தா கம்பெனி 15% கூடுதலா கேட்டிருக்கும்னு எடுத்துக்கலாம். அதாவது வருஷத்துக்கு 2,100 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க ‘இல்லை’ன்னு போயிடுச்சு.

பாலிசி எடுத்து 3 வருஷம் 4 மாசம் கழிச்சு நெஞ்சுவலி. ஆஞ்சியோபிளாஸ்டி, பில் 3,80,000 ரூபாய். எமர்ஜென்சியில டியூட்டி டாக்டர் கேட்கிற முதல் கேள்விகள்ல ஒண்ணு, “பிபி, சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?” அந்த நேரத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. “அஞ்சு வருஷமா மாத்திரை சாப்பிடுறார்”னு மனைவி சொல்றாங்க. அது அப்படியே கேஸ் ஷீட்ல ஏறுது. கேஷ்லெஸ் அப்ரூவல் கேட்டதும் இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த வரியைப் பிடிச்சுக்குது. “பிபிக்கு முதல்முதலா பார்த்த டாக்டர் சீட்டை அனுப்புங்க”ன்னு ஒரு மெயில். சீட்டுல இருக்கிற தேதி பாலிசிக்கு முன்னாடி. கேஷ்லெஸ் மறுப்பு. அப்புறம் கிளெய்மும் நிராகரிப்பு, கூடவே பாலிசி ரத்துக்கு நோட்டீஸ்.

எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இதுதான். உண்மையைச் சொல்லியிருந்தா அந்த கிளெய்ம் கிடைச்சிருக்கும்! ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வெயிட்டிங் பீரியட் அதிகபட்சம் 3 வருஷம்தான்னு 2024-ல ஐஆர்டிஏஐ குறைச்சிருக்கு. கார்த்திக் அந்த 3 வருஷத்தைத் தாண்டிட்டார். நாலு பிரீமியத்துல அவர் மிச்சம் பிடிச்சது 8,400 ரூபாய். கையிலிருந்து போறது 3,80,000. இனி புது பாலிசிக்குப் போனா, இதய நோயாளியா, பழைய பாலிசி ரத்தான விவரத்தோட நிக்கணும்.

“அஞ்சு வருஷம் ஆனா கேள்வி கேட்க முடியாதாமே?” பாதி உண்மை. தொடர்ந்து 60 மாசம் பாலிசி ஓடிட்டா, எதையோ சொல்லாம விட்டீங்கன்னு கிளெய்மை மறுக்க முடியாது. ஆனா மோசடின்னு நிரூபிச்சா அந்தப் பாதுகாப்பு இல்லை. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே தெரிஞ்சு ‘இல்லை’ன்னு போட்டதை எந்தப் பக்கம் சேர்ப்பாங்கன்னு சூதாட நான் தயாரில்லை. அந்த 60 மாசம் வரைக்கும் உடம்பும் பொறுமையா இருக்கணுமே.

இன்னொரு பக்கமும் சொல்லணும். கேட்காத கேள்விக்குப் பயந்து எல்லாத்தையும் கொட்ட வேண்டியதில்லை. ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல சுகர் ‘பார்டர்லைன்’னு வந்திருக்கலாம். “சர்க்கரை நோய்னு கண்டறியப்பட்டதா?”ன்னு மட்டும் கேட்டா, பதில் ‘இல்லை’தான். ஆனா நிறைய ஃபார்ம்ல “ஏதாவது பரிசோதனையில இயல்புக்கு மாறான முடிவு வந்ததா?”ன்னு தனியா ஒரு கேள்வி இருக்கும். அங்கே ‘ஆமாம்’ போட்டு ரிப்போர்ட்டை இணைச்சுடுங்க. ஆபீஸ் குரூப் பாலிசியில பெரும்பாலும் இதெல்லாம் கேட்கிறதே இல்லை. அந்தப் பழக்கத்துலதான் நாம சொந்த பாலிசியிலயும் வேகமா ‘இல்லை, இல்லை’ன்னு தட்டிட்டுப் போயிடறோம்.

ஏற்கெனவே தப்பா போயிருந்தா? பாலிசி பிடிஎஃப்போட நீங்க கொடுத்த புரொபோசல் ஃபார்ம் காப்பியும் வந்திருக்கும். இன்னைக்கு ராத்திரி அதைத் திறந்து, உடல்நலக் கேள்விகளுக்கு உங்க பேர்ல என்ன பதில் போயிருக்குன்னு பாருங்க. பாலிசி கையில வந்து 30 நாளுக்குள்ளன்னா, ஃப்ரீ லுக்ல திருப்பிக் கொடுத்துட்டு சரியா எடுக்கலாம். அது தாண்டியிருந்தா, விடுபட்ட விஷயம், மருந்து பேர், ஆரம்பிச்ச மாசம் எல்லாம் எழுதி கம்பெனிக்கு மெயில் போடுங்க. ஏஜென்டுக்கு வாட்ஸ்அப் பண்ணா அது கணக்குல வராது. அவங்க பிரீமியத்தைக் கூட்டலாம், வெயிட்டிங் போடலாம், ரத்தும் பண்ணலாம். ரத்தானாலும், நீங்க நல்லா நடமாடிட்டு இருக்கும்போதே வேற கம்பெனியில கேட்டுப் பார்க்க நேரம் இருக்கும். ஐசியு வாசல்ல அந்த நேரம் இருக்காது.