தோற்ற அளவுத்திருத்தத்தை அழிக்கலாமா?

நோயாளிக்கு முடிவு எதுவும் போகவில்லை. அளவுத்திருத்தம் தோற்றது, மறுபடி ஓட்டியதும் தேறிவிட்டது. தோற்றதை ஏன் எழுதிவைக்க வேண்டும்? தில்லை நகர் ஆய்வகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவரின் இந்தக் கேள்விக்கு, மூத்த பகுப்பாய்வாளர் கடிதத்தில் பதில் சொன்னார்.

தோல்வி இன்று காலை பிறந்ததல்ல என்பது அவர் வாதம். பொட்டாசியம் மின்முனையின் சரிவு 37 டிகிரியில் ஏறக்குறைய 61.5 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். அது 50-க்கு இறங்கியிருக்கட்டும். கருவியோ பழைய சரிவை நம்பிக் கணக்கிடுகிறது. 4.0-இல் சரியாகக் காட்டும் அந்தக் கருவி, உண்மையில் 6.0 உள்ள ரத்தத்தை 5.6 என்று காட்டும். இதயத்துடிப்பு குலையக்கூடிய நோயாளியின் அபாயம் குறைவாகத் தெரியும். ஆகவே கடைசியாகத் தேறிய கட்டுப்பாட்டு மாதிரி வரை பின்னோக்கிப் போய், எஞ்சியிருக்கும் மாதிரிகளை மறுபடி சோதிக்க வேண்டும். தோல்வியை அழித்தவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாது.

மறுமுறை தேறியதும் தானாக நிம்மதி தராது. காற்றுக்குமிழி வெளியேறியதாலா, ஆவியாகிச் செறிவேறிய கரைசலை மாற்றியதாலா? நேரம், கரைசலின் தொகுதி எண், சரிவு, செய்த மாற்றம், செய்தவர் பெயர் இருந்தால்தான் காரணம் பிடிபடும்.

மருந்துத் துறை இதை வலியோடு கற்றது. 2013-இல் வொக்கார்ட்டின் வாலுஜ் ஆலைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதிகாரபூர்வப் பதிவுக்கு முன் ‘முன்னோட்டம்’ பார்த்த பகுப்பாய்வுகளும் அதன் குற்றச்சாட்டில் இருந்தன.

புதியவரின் வாதம் நிற்கவில்லை. தோற்ற ஓட்டமும் பதிவேட்டில் ஏற வேண்டும்.