சுவரில் மாட்டிய வாசகமும் கணக்கில் தெரியும் நோக்கமும்

நம் பாலக்கோட்டிலேயே பள்ளி, மருத்துவமனை, நிதி நிறுவனம் என்று எங்கே போனாலும் வாசலில் விஷன், மிஷன் பலகை இருக்கிறது. இப்போது 'பிராண்ட் பர்பஸ்' என்று மூன்றாவதும் சேர்ந்துவிட்டது. மூன்றும் ஒன்றல்ல. நாம் ஏன் இருக்கிறோம் என்பது பர்பஸ். அதற்காக யாருக்கு என்ன வேலை செய்கிறோம் என்பது மிஷன். அந்த வேலை நிறைவேறினால் ஊர் எப்படி இருக்கும் என்பது விஷன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது என்பதுதான் நோக்கம். இதில் 'தேவையற்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்புரை போல, சிகிச்சை இருந்தும் பணமோ வசதியோ இல்லாமல் வரும் குருட்டுத்தன்மை அது. எதைச் செய்ய வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்லே தீர்மானித்துவிடுகிறது. 'தரமான சேவை, மகிழ்ச்சியான வாடிக்கையாளர்' என்ற பலகையை ஜவுளிக்கடையிலும் மாட்டலாம், வங்கியிலும் மாட்டலாம். எங்கும் பொருந்துவது அலங்காரம்தான்.

அடுத்த சோதனை பணம். புரையை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைகளுக்கு அந்த விலை கட்டாது. லென்ஸ் இல்லாமல் புரையை மட்டும் எடுத்து, தடித்த கண்ணாடி போட்டு அனுப்புவதே வழக்கமாக இருந்தது. அரவிந்த் அத்துடன் நிற்கவில்லை. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, லென்ஸைத் தானே செய்து மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. மற்ற மருத்துவமனைகளுக்கும் விற்றது. தன் வேலைமுறையையும் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. லாபம் மட்டுமே குறி என்றால் போட்டியாளருக்கு யாராவது பாடம் நடத்துவார்களா? வேறொருவர் செய்தாலும் குருட்டுத்தன்மை குறைகிறதே என்று நினைப்பவர்தான் நடத்துவார்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கட்டணம் தரும் நோயாளிகளின் வருமானம்தான் இலவச சிகிச்சையைத் தாங்குகிறது. பணம் கட்டியவருக்குத் தனி அறை கிடைக்கும், இலவசமாக வருபவருக்குப் பொதுக்கூடம். அறையில் வேறுபாடு இருக்கலாம், அறுவை சிகிச்சையில் இருக்கக் கூடாது. கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு இரண்டிலும் அதே மருத்துவர்கள் முறை வைத்துப் பணிசெய்வது அதற்காகத்தான். வருமானம் இல்லாத நோக்கம் சீக்கிரமே நன்கொடைத் தட்டாகிவிடும்.

ஆகவே ஒரு நிறுவனத்தின் பலகையைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வாசகத்தை வேறு கடையில் மாட்ட முடியுமா? இதற்காக அவர்கள் எங்கே பணம் போட்டார்கள், எந்த லாபத்தை விட்டார்கள்? வேறொருவர் இதே வேலையைச் செய்தால் மகிழ்வார்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தப் பலகைக்கு ஆன செலவு பெயின்டருக்குக் கொடுத்த கூலி மட்டும்தான்.