மாவா, காளானா, செக்கு எண்ணெயா? மார்க் போடுங்க, ஆனா மொத்தத்தைப் பார்த்து ஏமாறாதீங்க!

'வேலையை விட்டுட்டு சொந்தமா ஏதாவது பண்ணணும்' என்று நினைக்கிற எல்லோர் போனிலும் ஒரு டேபிள் இருக்கும். இடது பக்கம் மூன்று பிசினஸ் ஐடியா. மேலே முதலீடு, திறமை, டிமாண்ட், ரிஸ்க் என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க். கடைசியில் கூட்டி, அதிக மார்க் வாங்கினதுதான் வின்னர்.

டேபிள் போடுவது நல்ல பழக்கம்தான். கடைசி கட்டத்தில் வரும் மொத்தத்தை நம்பி முடிவெடுப்பதில்தான் பிரச்னை. ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கையில் சேமிப்பு 3 லட்சம் ரூபாய். வீட்டுச் செலவு மாதம் 25,000. அவர் யோசிக்கும் மூன்று ஐடியா: இட்லி மாவு, சிப்பிக் காளான், மரச்செக்கு கடலை எண்ணெய். நாலு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு அவர் போட்ட மார்க் இது. (எல்லா கட்டத்திலும் 5 என்றால் நமக்குச் சாதகம், 1 என்றால் பாதகம். முதலீடு குறைவாகத் தேவைப்பட்டால் 5, ரிஸ்க் குறைவாக இருந்தால் 5.)

| ஐடியா | முதலீடு | திறமை | டிமாண்ட் | ரிஸ்க் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| இட்லி மாவு | 4 | 4 | 4 | 3 | 15 |
| சிப்பிக் காளான் | 5 | 4 | 4 | 4 | 17 |
| செக்கு எண்ணெய் | 2 | 4 | 5 | 4 | 15 |

காளான் ஜெயித்துவிட்டது. ஆனால் இந்த மார்க் எல்லாம் எங்கிருந்து வந்தது? மனசுக்குத் தோன்றியதுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வியை வைத்து, பதிலைக் கணக்காகப் போட்டால் கதை மாறுகிறது. கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

முதலீடு: 'எவ்வளவு ஆகும்' என்பது பாதிக் கேள்விதான்

கையில் 3 லட்சம் இருக்கிறது என்றால் 3 லட்சத்தையும் போடலாம் என்று அர்த்தம் இல்லை. ஆறு மாத வீட்டுச் செலவுக்கு 1.5 லட்சத்தை ஒதுக்கினால், பிசினஸுக்கு மீதி 1.5 லட்சம்தான். அதில் பாதிக்குள் முடிந்தால் 4 மார்க், முழுசும் போட்டும் பத்தவில்லை என்றால் 1 மார்க் என்று வைத்துக்கொள்வோம்.

மாவுக்கு 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர், செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ், தராசு, சீலிங் மெஷின், பாத்திரங்கள் சேர்த்து சுமார் 70,000. காளானுக்குக் குடில், வைக்கோல் வேகவைக்கும் டிரம், தண்ணீர் தெளிப்பான், விதை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அதே அளவு. இரண்டுக்கும் 4.

செக்குக்கு மெஷினே 2 லட்சம் என்று வைப்போம். அதற்கு மேல் கடை அட்வான்ஸ், த்ரீ பேஸ் கரன்ட். இதோடு முடியாது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு சுமார் இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். கிலோ 125 ரூபாய் என்றால் 100 லிட்டருக்கு 31,250 ரூபாய் பருப்பிலேயே முடங்கிவிடும். இவருக்கு இது 1 மார்க்.

டிமாண்ட்: 'எல்லாரும் இட்லி சாப்பிடுறாங்க' என்பது பதில் இல்லை

அதிகம் பேர் தப்பு செய்யும் கட்டம் இதுதான். அதனால் மாவுக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கிலோ இட்லி அரிசி 45 ரூபாய், கால் கிலோ உளுந்து 35 ரூபாய். மொத்தம் 80. ஊறவைத்து, தண்ணீர் சேர்த்து அரைத்தால் சுமார் இரண்டே முக்கால் கிலோ மாவு வரும். ஆக, ஒரு கிலோ மாவுக்குப் பொருள் செலவு 29 ரூபாய். கவர், கரன்ட், பெட்ரோலுக்கு 5 ரூபாய் சேர்த்தால் 34. பாக்கெட் விலை 50, கடைக்காரர் பங்கு 8. நமக்கு வருவது 42. கிலோவுக்கு 8 ரூபாய் லாபம்.

தினமும் 100 கிலோ போட்டால் 800 ரூபாய், மாசம் 24,000. இதுவரைக்கும் எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். சொல்லாத விஷயம், ரிட்டர்ன். விற்காத, புளித்துப்போன பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். நூறில் பத்து திரும்பி வந்தால் என்ன ஆகும்? 90 பாக்கெட்டுக்கு 3,780 ரூபாய் வரும். அரைத்த செலவு நூறுக்கும் சேர்த்து 3,400. மீதி 380 ரூபாய்தான். பத்து சதவீத ரிட்டர்ன், லாபத்தில் பாதிக்கு மேல் சாப்பிட்டுவிடுகிறது. மாசம் 24,000 என்று நினைத்தது 11,400 ஆகிவிடும்.

அதனால் மாவுக்கு டிமாண்ட் மார்க் போட, 'எத்தனை பேர் வாங்குவாங்க' என்று கேட்பதைவிட, 'எத்தனை பாக்கெட் திரும்பி வரும்' என்று கேட்கணும். தெருவுக்கு இரண்டு பேர் மாவு விற்கும் ஏரியாவில் 3 மார்க்குக்கு மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

காளானுக்கு வேறு சிக்கல். கடையில் 'காளான்' என்றால் நிறைய பேர் கேட்பது வெள்ளை மொட்டுக் காளான். சிப்பிக் காளானைத் தெரிந்து வாங்குபவர்கள் குறைவு. பறித்தால் வெளியில் ஒரு நாள்தான் நன்றாக இருக்கும். செக்கு எண்ணெய்க்கு மாசாமாசம் திரும்ப வரும் கஸ்டமர் கிடைப்பார்கள். ஆனால் ரீஃபைண்ட் எண்ணெயைவிட விலை ரொம்ப அதிகம், எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. இரண்டுக்கும் 3.

திறமை: தப்பு நடந்தால் கண்டுபிடிக்கத் தெரியுமா?

மாவு அரைக்கத் தெரிவது வேறு, வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப புளிப்பைக் கட்டுப்படுத்துவது வேறு. மே மாசம் கிரைண்டர் சூட்டிலேயே மாவு புளிக்க ஆரம்பிக்கும், பாக்கெட் உப்பிவிடும். மார்கழியில் பொங்கவே பொங்காது. நீங்க எல்லாம் சரியாகச் செய்தும், கடைக்காரர் ராத்திரி ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணிட்டுப் போனால் காலையில் ரிட்டர்ன்தான். 3 மார்க்.

காளான் கஷ்டமான பாடம். வைக்கோலைச் சரியாக வேகவைக்காவிட்டால் படுக்கையில் வெள்ளைப் பூஞ்சைக்கு நடுவே பச்சைத் திட்டு தெரியும். அந்தப் படுக்கையை உடனே வெளியே எடுக்காவிட்டால் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். 2 மார்க். செக்கு ஓட்டுவது சீக்கிரம் கைவந்துவிடும். பூஞ்சை பிடித்த, ஈரமான பருப்பை வாங்காமல் இருக்கக் கண் பழகணும், அவ்வளவுதான். 4 மார்க்.

ரிஸ்க்: தப்பானால் எத்தனை நாள் வருமானம் போகும்?

'ரிஸ்க் அதிகமா, கம்மியா' என்று கேட்டால் பதில் மனநிலையைப் பொறுத்து மாறும். 'எத்தனை நாள்' என்று கேட்டால் மாறாது.

மாவு கெட்டால் அன்றைய மாவு போகும். நாளைக்குத் திரும்ப அரைக்கலாம். ஆனால் ரிட்டர்ன் தொல்லை தினமும் உண்டு. 3 மார்க். எண்ணெய் சீக்கிரம் கெடாது, புண்ணாக்கையும் விற்கலாம், மெஷினைக் கைமாற்றிவிடலாம். 5 மார்க்.

காளானில் ஒரு சுற்று சுமார் ஒன்றரை மாதம். 100 படுக்கைக்கு 60 கிலோ கிடைத்து, கிலோ 150-க்கு விற்றால் 9,000. படுக்கைக்கு 35 ரூபாய் செலவு என்றால் மீதி 5,500. இதில் 30 படுக்கை பச்சைப் பூஞ்சையில் போனால் கையில் 2,800. ஒன்றரை மாச உழைப்புக்கு இதுதான். அதோடு இந்தக் காளானுக்கு 30 டிகிரிக்குக் கீழே வெப்பமும், 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். சென்னையின் ஏப்ரல், மே வெயிலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு எவ்வளவு குளிர்விக்க முடியும்? கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் அந்த வித்தை இங்கே பெரிசாக எடுபடாது. 1 மார்க்.

இப்போது புது டேபிள்:

| ஐடியா | முதலீடு | திறமை | டிமாண்ட் | ரிஸ்க் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| இட்லி மாவு | 4 | 3 | 3 | 3 | 13 |
| சிப்பிக் காளான் | 4 | 2 | 3 | 1 | 10 |
| செக்கு எண்ணெய் | 1 | 4 | 3 | 5 | 13 |

13-ம் 13-ம் ஒண்ணா?

முதலில் ஜெயித்த காளான் கடைசிக்குப் போய்விட்டது. மாவும் செக்கும் சமம். ஆனால் நிஜத்தில் இவை சமமே இல்லை. செக்கில் ரிஸ்க் கட்டத்தின் 5, முதலீட்டுக் கட்டத்தின் 1-ஐ மறைத்துவிட்டது. மெஷின் வாங்கவே பணம் இல்லாதவருக்கு, 'எண்ணெய் கெடாது' என்பதால் என்ன பிரயோஜனம்? கடன் வாங்கினால் முதல் மாசத்திலிருந்தே வட்டி ஓடும்.

என் கருத்து இதுதான்: மொத்தத்தைக் கூட்டும் முன், ஒவ்வொரு வரிசையிலும் இருக்கும் மிகக் குறைந்த மார்க்கைப் பாருங்க. 1 இருந்தால் அந்த ஐடியா அங்கேயே நிற்கணும். அந்த 1-ஐ மாற்ற வழி கிடைத்த பிறகுதான் மற்ற கட்டங்களைப் பற்றிப் பேசணும். அப்படிப் பார்த்தால் தாம்பரத்துக்காரருக்கு மிஞ்சுவது மாவு. அதில் எந்தக் கட்டமும் பிரமாதம் இல்லை, ஆனால் எதுவும் அவரைக் கவிழ்க்காது.

அதே டேபிளை சொந்த ஊரில் சொந்தக் கட்டடமும் 8 லட்சம் சேமிப்பும் இருப்பவர் போட்டால், செக்கின் முதலீடு 4 ஆகும், மொத்தம் 16. குளிர்ந்த மலைப்பகுதியில் இருப்பவருக்குக் காளானின் 1 மாறும். பிசினஸ் அதேதான், ஆள் மாறினால் மார்க் மாறுகிறது. அதனால் வேறு யாரோ நிரப்பிய டேபிளை அப்படியே ஃபார்வர்டு செய்து முடிவெடுப்பதில் அர்த்தமே இல்லை.

தாம்பரத்துக்காரர் அடுத்து கிரைண்டர் கடைக்குப் போக வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, வீட்டு கிரைண்டரிலேயே அரைத்து, தினமும் 10 அரை கிலோ பாக்கெட்டை இரண்டு கடைகளில் 14 நாள் வைக்கட்டும். மொத்தம் 140 பாக்கெட். திரும்பி வந்தது ஏழு என்றால் ரிட்டர்ன் 5 சதவீதம். நம்ம கணக்குப்படி 100 கிலோவுக்கு 590 ரூபாய் மிஞ்சும், டிமாண்டுக்கு 4 போடலாம். முப்பது திரும்பி வந்தால் ரிட்டர்ன் 20 சதவீதத்தைத் தாண்டுகிறது, அரைத்த செலவுகூட வராது. டிமாண்ட் மார்க் 1. அப்போது வேலையை விடாமல் இருந்ததற்குச் சந்தோஷப்படலாம்.