டியூப்லைட் சிரிப்பு

கல்யாண ஆல்பம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப் போயிருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக் கொண்டு நிற்பார்கள். பார்க்கிறவர் கண் முதலில் போவது முகத்துக்கு அல்ல, பட்டுப்புடவைக்கும் அல்ல. நேராகப் பல்லுக்கு! இருட்டு அறையில் டியூப்லைட் போட்ட மாதிரி நான்கு பற்கள் பளீரென்று எரியும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இதைச் செய்தது கேமரா இல்லை, பல் டாக்டரும் இல்லை. ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. "பல் மஞ்சளா இருக்கு, கொஞ்சம் வெள்ளை பண்ணிடுங்க" என்று கேட்கிறார்கள், அவரும் வெள்ளை பண்ணுகிறார். தப்பு அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. படத்தில் பல்லை வெள்ளை ஆக்கக் கூடாது. மஞ்சளைக் குறைக்க வேண்டும். இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை.

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பகுதி நேரமாக எடிட்டிங் செய்யும் கல்லூரி மாணவர் ஒருவருக்கு இந்த வித்தியாசம் ஒரு ரிசப்ஷன் படத்தில்தான் புரிந்தது. ஆல்பம் அச்சாகிக் கைக்குப் போய் இரண்டு நாளில் கல்யாணப் பெண் நேரில் வந்துவிட்டார். சண்டை போடவில்லை. பக்கத்தைத் திறந்து காட்டி, "அண்ணா, இது என் பல்லே இல்லை" என்றார். அவருக்கு இடது பக்கம் ஒரு தெத்துப்பல் உண்டு. வீட்டில் எல்லோரும் செல்லமாகக் கேலி செய்யும் பல், அவருக்கும் பிடித்த பல். படத்தில் அதைக் காணோம். மேல் வரிசை முழுக்க ஒரே வெள்ளைப் பட்டையாக இருந்தது.

தெத்துப்பல்லை யாரும் அழிக்கவில்லை. அது பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது இரண்டுக்கும் நடுவில் விழும் சின்ன நிழல். மாணவர் முதலில் பல் பகுதியின் நிறத்தை முழுவதும் எடுத்தார். பிறகு மேலே பிரகாசத்தை ஏற்றினார். நிழல் போனது. நிழலோடு பல்லும் போனது!

உண்மையான பல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இந்தத் தப்பு நடக்காது. பல்லின் வெளிப்பூச்சான எனாமல், பாதி கண்ணாடி மாதிரி. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் இயற்கையிலேயே இளமஞ்சள். வெளியே தெரிவது இரண்டும் கலந்த நிறம். அதனால் நன்றாகத் தேய்த்த, ஆரோக்கியமான பல்லிலும் கொஞ்சம் மஞ்சள் இருக்கும். முன் பற்களை விடக் கோரைப்பல் இன்னும் சற்று மஞ்சள். வாயின் ஓரத்துக்குப் போகப் போகக் கன்னத்தின் நிழல் விழுந்து பற்கள் இருண்டு கொண்டே போகும். இந்த ஏற்ற இறக்கம்தான் அதைப் பல் என்று காட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கினால் மிஞ்சுவது ஹார்மோனியக் கட்டை.

சரி, மறுபடி செய்யும்போது அவர் என்ன செய்தார்?

முதலில் பல்லைத் தொடவே இல்லை. கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். அதுவும் மஞ்சளாக இருந்தது. கண்ணும் பல்லும் சேர்ந்து மஞ்சளாக இருந்தால் குற்றவாளி பல் இல்லை, மண்டபத்து விளக்கு. மஞ்சள் விளக்கு, எதிரே தங்க நிற மேடை அலங்காரம், கழுத்து நிறைய நகை... எல்லாம் சேர்ந்து முகத்தில் மஞ்சளைத் தெளித்திருக்கும். இதைப் படம் முழுவதற்குமாக ஒயிட் பேலன்ஸில் திருத்த வேண்டும். அதுவும் முழுசாக இல்லை. ரிசப்ஷன் மேடையின் சூடான வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வார்டில் எடுத்த மாதிரி ஆகிவிடும். பாதிப் படங்களில் இந்த ஒரு திருத்தத்தோடு பல் வேலை முடிந்துவிடுகிறது.

இந்தப் படத்தில் முடியவில்லை. விளக்கின் மஞ்சள் போன பிறகும் பல்லில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முன் பல் ஒன்றின் நடுவில் நிறத்தை அளந்து பார்த்தார். சிவப்பு 205, பச்சை 180, நீலம் 128. நீலம் இவ்வளவு கீழே கிடப்பதைத்தான் கண் மஞ்சள் என்று படிக்கிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடைவெளி 77. இந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் வேலை, மூன்றையும் தூக்கி 255 பக்கம் கொண்டு போவது அல்ல.

இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது. Layer → Duplicate Layer கொடுத்து ஒரு நகல் அடுக்கு எடுத்தார். அந்த அடுக்கின் மேல் Colors → Hue-Saturation திறந்து, மஞ்சளுக்கான Y பொத்தானை மட்டும் தேர்ந்தெடுத்தார். Saturation -60, Lightness +20. இப்போது படத்தில் தங்க நகை, புடவைக் கரை எல்லாமே வெளிறிப் போய்ப் பயமுறுத்தும். பயப்பட வேண்டாம். அடுத்து Layer → Mask → Add Layer Mask போய் Black (full transparency) கொடுத்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். திருத்தம் அப்படியே கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பிறகு விளிம்பு மென்மையான பிரஷ்ஷில் வெள்ளை நிறம் எடுத்து, பல்லின் மேல் தடவும் இடத்தில் மட்டும் திருத்தம் வெளியே வரும்.

பிரஷ் ஒரு பல்லை விடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். ஈறிலும் உதட்டிலும் படக் கூடாது. பட்டால் மஞ்சள் சாயல் உள்ள இடம் வெளுத்து, வாயைச் சுற்றி ஒரு சாம்பல் கோடு விழலாம். ஒரு படம் கைவைக்கப்பட்டது என்று சொல்லும் முதல் சாட்சி அந்தக் கோடுதான். பற்களுக்கு நடுவிலுள்ள நிழலிலும் தடவவில்லை. ஓரப் பற்களில் லேசாக, பாதிதான் தடவினார். கடைசியில் அந்த அடுக்கின் Opacity-ஐ 70 ஆகக் குறைத்தார்.

அதே இடத்தை மறுபடி அளந்தபோது ஏறத்தாழ 194, 180, 152. இடைவெளி 77-இலிருந்து 42 ஆகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது பச்சை. அது நகரவே இல்லை. படத்தின் ஒரு புள்ளி எவ்வளவு பிரகாசம் என்பதில் பச்சைக்குத்தான் பெரிய பங்கு. சிவப்பு இறங்கியதும் நீலம் ஏறியதும் சேர்ந்து கிட்டத்தட்டச் சரியாகிவிட்டன. அதாவது பல் முன்பிருந்த அதே பிரகாசத்தில்தான் இருக்கிறது, நிறம் மட்டும் மாறியிருக்கிறது. Lightness +20 போட்டதும் வெளுப்பதற்கு இல்லை. நிறத்தை மட்டும் குறைத்தால் பல் மங்கிச் சாம்பல் ஆகும், அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான். வரவும் செலவும் நேர். பாலன்ஸ் ஷீட் மாதிரி :-)

அளவு மீறியதா என்று தெரிந்துகொள்ள மூன்று பரீட்சைகள் போதும். ஒன்று, எண்கள். சிவப்பு மேலே, பச்சை நடுவில், நீலம் கீழே என்ற வரிசை மாறக் கூடாது. மூன்றும் சமமானால் மாநிற முகத்தின் நடுவில் பல் நீலம் பாரித்துத் தெரியும். இரண்டு, பல் அதே முகத்தின் கண் வெள்ளையை விடப் பளிச்சென்று இருக்கக் கூடாது. மூன்று, படத்தை முழுசாகத் தெரியும்படி சுருக்கிவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்ப்பது. முதல் பார்வை கண்ணுக்குப் போனால் சரி. பல்லுக்குப் போனால் Opacity இன்னும் இறங்க வேண்டும். 200 சதவீதம் பெரிதாக்கி வைத்துக் கொண்டு அரை மணி நேரம் பல்லையே பார்க்கிறவர் கண்ணுக்கு எந்த வெள்ளையும் போதாது, அதனால்தான் இந்த இடைவெளி.

இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்களில் வளர்ந்த பலருக்குப் பல்லில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். வெற்றிலை போடும் தாத்தா பாட்டிகளுக்குக் கறை இருக்கும். மஞ்சளைக் குறைக்கும் வழியை அங்கே போட்டால் பழுப்பு போகாது, சாம்பலாக மாறும். சொத்தைப் பல் மாதிரி ஆகி, முன்பை விட மோசம். அதை எடுக்க வேண்டுமானால் பக்கத்துப் பல்லிலிருந்து நகல் எடுத்து ஒட்ட வேண்டும். அது திருத்தம் இல்லை, வேறு பல் கட்டுவது. அதைச் செய்யும் முன் அந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்பதுதான் நியாயம். ஆல்பத்துக்குப் பணம் கொடுக்கிறவரை அல்ல, பல்லுக்குச் சொந்தக்காரரை.

"வாடிக்கையாளர் கேட்டதைத்தானே செய்கிறோம்" என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்லலாம். நியாயமான பேச்சுதான். ஆனால் "கொஞ்சம் வெள்ளை பண்ணுங்க" என்று சொல்கிறவர் மனதில் இருப்பது வேறு பல் இல்லை. போன தீபாவளிக்கு வீட்டு வாசலில் நின்று, காலை வெயிலில் எடுத்த படத்தில் இருந்த அதே பல். அதை அவருக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அந்தப் பக்கத்தை ஸ்டுடியோ தன் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தது. பெண் வாங்கிப் பார்த்தார். பல் வெள்ளையா மஞ்சளா என்று ஒன்றும் சொல்லவில்லை. "ஐயோ, கண்ணை எப்படி இடுக்கிட்டுச் சிரிக்கிறேன் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பல்லைப் பற்றி யாருமே பேசவில்லை என்றால் வேலை சரியாக முடிந்திருக்கிறது என்று அர்த்தம்.