பத்தாவது வினாவுக்குப் பின்னும் இருபது நிமிடம்

க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாள் இரண்டுக்கு மூன்று மணித்தியாலங்கள். பகுதி ‘அ’விலுள்ள ஆறு வினாக்களில் ஐந்தையும், பகுதி ‘ஆ’விலுள்ள ஆறில் ஐந்தையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளிகள். 180 நிமிடங்களைப் பத்தால் வகுத்து, வினாவொன்றுக்குப் பதினெட்டு நிமிடம் என்று பலரும் கணக்கிடுகின்றனர். இக்கணக்கில் மீள்பார்வைக்கு இடமே இல்லை. இருபது நிமிடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, வினாவொன்றுக்குப் பதினாறு நிமிடம் எனக் கொள்வதே சரி என்பது எனது கருத்து.

வாசிப்புக்குத் தரப்படும் மேலதிகப் பத்து நிமிடத்தில் எந்தெந்த வினாக்களை விடுவது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். எழுதத் தொடங்குவது ஒன்பது மணிக்கு எனக் கொள்வோம். 10.20க்குப் பகுதி ‘அ’ முடிய வேண்டும், 11.40க்குப் பகுதி ‘ஆ’ முடிய வேண்டும். எல்லா வினாவும் சரியாகப் பதினாறு நிமிடம் எடுக்காது. வரைபுக்கு இருபது நிமிடம் போகலாம். சமன்பாடு பன்னிரண்டில் முடியலாம். ஆகவே ஒவ்வொரு வினாவுக்கும் மணிக்கூட்டைப் பார்த்துப் பதறாமல், இவ்விரு நேரங்களை மாத்திரம் கவனித்தால் போதும்.

திட்டம் குலைவது பெரும்பாலும் ஒரே வினாவில்தான். ஒரு மாணவி கேத்திரகணித நிறுவலில் ஏழு புள்ளிக்குரிய படிகளைப் பதினாறு நிமிடத்தில் எழுதிவிடுகிறாள். கடைசி மூன்று புள்ளிக்காக மேலும் பதினான்கு நிமிடம் போராடுகிறாள். அந்த நேரம் இன்னொரு முழு வினாவின் நேரம். படிமுறைகளுக்கும் புள்ளி உண்டு என்பதால், தொடாத வினாவொன்றின் தொடக்கப் படிகளே அந்த மூன்றைவிடக் கூடுதலாகத் தந்திருக்கும். தடைப்பட்ட இடத்தில் இடம்விட்டு, அடுத்த வினாவுக்குச் செல்வதே இலாபம்.

“மிச்ச நேரத்திலும் எழுதினால் என்ன?” என்று கேட்கலாம். மீள்பார்வை என்பது முழுவதையும் மீண்டும் வாசிப்பதன்று. முதலில் பத்து வினாவுக்கும் இலக்கம் சரியா, உபபகுதி ஏதும் விடுபட்டதா எனப் பார்க்க வேண்டும். பின்னர் தரவுகளைச் சரியாகப் பிரதிசெய்தோமா, அலகு எழுதினோமா என்று பார்க்கலாம். அதன்பின் விடை பொருந்துகிறதா என நோக்கலாம். வகுப்பாயிடைகள் 10 முதல் 70 வரை இருக்க, இடை 84 என வந்திருந்தால் கூட்டலிலோ பெருக்கலிலோ பிழை உண்டு. செங்கோண முக்கோணியில் செம்பக்கத்தைவிட வேறொரு பக்கம் நீளமாக வந்தாலும் அப்படியே. இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க ஓரிரு நிமிடம் போதும். விட்டுவந்த நிறுவலுக்குத் திரும்புவது இவற்றுக்குப் பிறகுதான்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மாத்தளையிலும் உக்குவளையிலும் கடந்தகால வினாத்தாள் இல்லாத வீடு குறைவு. ஆனால் அவை இன்று இரண்டு வினா, நாளை மூன்று வினா எனத் துண்டு துண்டாகவே செய்யப்படுகின்றன. அப்படிச் செய்தால் கணிதம் பழகும், நேரம் பழகாது. கிழமைக்கு ஒருமுறையாவது மூன்று மணித்தியாலம் வேலை எதுவும் சொல்லாமல் பிள்ளையை ஒரே இருப்பில் எழுதவிடுங்கள். முடிந்ததும் புள்ளியைக் கேட்குமுன், பத்தாவது வினா எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேளுங்கள்.