வரும் விவரமும் வராத விவரமும்

இந்தியாவில் வரி செலுத்தக் கடமைப்பட்டோரின் சுவிஸ் வங்கிக் கணக்கு விவரங்கள் 2019 செப்டம்பர் முதல் ஆண்டுதோறும் தில்லிக்கு வந்து சேர்கின்றன. முன்பெல்லாம் ஒவ்வொருவர் குறித்தும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது பெயர், முகவரி, ஆண்டிறுதி இருப்பு, வட்டி ஆகியவை கேளாமலேயே கிடைக்கின்றன. வருமான வரிப் படிவத்திலுள்ள வெளிநாட்டுச் சொத்து அட்டவணையோடு ஒப்பிட்டால், யாரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஆயினும் இவ்வலையில் ஓட்டைகள் உண்டு. 2018-க்கு முன் மூடப்பட்ட கணக்குகள் இதில் வாரா; வீடு, நிலமும் வாரா. அவற்றினும் பெரிய ஓட்டை வேறு. விவரம் எந்த நாட்டுக்குச் செல்லும் என்பதைக் குடியுரிமை தீர்மானிப்பதில்லை. தாம் வரி செலுத்தும் நாடு எது என்று கணக்குதாரர் வங்கியிடம் தரும் உறுதிமொழியே அதற்கு அடிப்படை. மும்பையில் வசிப்பவர் துபாய் வசிப்புரிமையைக் காட்டி, வங்கியும் அதை ஏற்றுக்கொண்டால், விவரம் தில்லிக்கு வராது. தனிநபர் வருமானத்துக்கு அங்கே வரியே இல்லை.

இதைத் தடுக்கும் வழி தில்லியின் கையிலேயே உள்ளது. வெளிநாட்டில் வசிப்பதாகக் கூறுவோர் இந்தியாவில் உண்மையில் எத்தனை நாள் தங்கினர் என்பதைக் குடியேற்றப் பதிவேடு காட்டும். அதை வரித்துறை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். வந்த பட்டியலை மட்டும் புரட்டினால், வராத பெயர்கள் ஒருபோதும் வெளிப்படா.