சிரப் கொடுத்து அனுப்பிய பாவி நான்தான்

ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில், மூன்றாம் வகுப்பு படிக்கும் பையனுக்குத் தாய் நான். போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மார்க் விஷயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். தலைமை ஆசிரியை அம்மா மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "காய்ச்சல் பிள்ளைக்குக் காலையில் சிரப் ஊத்தி அனுப்பறவங்க இங்கே எத்தனை பேர்?" என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பையனுக்கு உடம்பு சுட்டது. வருஷம் முழுக்க லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு உண்டு. அதை விட மனசு வரவில்லை. எட்டு மணிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். அரை மணியில் காய்ச்சல் இறங்கியது, அனுப்பிவிட்டேன். செவ்வாய் சாயங்காலம் காதுக்குக் கீழே பந்து மாதிரி வீங்கிவிட்டது. பொன்னுக்கு வீங்கி! அப்புறம்தான் வீட்டில் வைத்தேன். பதினேழு நாள் கழித்து, அவன் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு வீங்கியது. மார்ச் முதல் வாரம் அந்தப் பையனின் அண்ணனுக்கு. அவன் பிளஸ் டூ. முதல் பரீட்சைக்கு வாயைத் திறக்க முடியாமல், கஞ்சி குடித்துவிட்டுப் போய் எழுதினான். என் பிள்ளையிடமிருந்துதான் வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் நாள் கணக்கு எனக்குத் தெரியுமே!

அந்தக் கணக்கைத்தான் டீச்சர் கூட்டத்தில் விளக்கினார். பொன்னுக்கு வீங்கி, ஒட்டிய நாளிலிருந்து பெரும்பாலும் 16 முதல் 18 நாள் கழித்துத் தெரியும். வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே எச்சில் வழியாக அடுத்தவருக்குப் பரவும். வீங்கிய பிறகு இன்னும் 5 நாள் பரவும். "வீக்கத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினா பாதிதான் நிறுத்தினதா அர்த்தம். முதல் நாள் வெறும் காய்ச்சல்தான் இருக்கும். அது எந்தக் காய்ச்சல்னு அன்னிக்கு டாக்டராலும் சொல்ல முடியாது. அதனாலதான் காய்ச்சல் அன்னிக்கே நிறுத்துங்கன்னு கேக்கறேன்" என்றார்.

சிரப் விஷயத்தையும் நன்றாகப் புரிய வைத்தார். அது சூட்டைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. நாலு முதல் ஆறு மணி நேரம்தான் வேலை செய்யும். எட்டு மணிக்குக் கொடுத்தால் சத்துணவு வேளைக்குப் பிள்ளை மறுபடி சுடும். அதற்குள் ஒரே டம்ளரில் நாலு பேர் தண்ணீர் குடித்திருப்பார்கள், ஒரே பென்சிலை நாலு பேர் கடித்திருப்பார்கள். மருந்து கொடுக்காமலே காய்ச்சல் விட்டு, 24 மணி நேரம் ஆன பிறகு அனுப்ப வேண்டுமாம். வயிற்றுப்போக்கும் நின்று ஒரு நாள் போகட்டும் என்றார். வெறும் மூக்கு ஒழுகலுக்கு, பிள்ளை சுறுசுறுப்பாக இருந்தால் லீவு வேண்டாம். இல்லாவிட்டால் மார்கழி முழுக்கப் பள்ளி காலியாகிவிடும்!

எனக்கு மிகவும் பிடித்தது அவர் அடுத்துச் சொன்னது. "அம்மை போட்டா என்ன பண்றீங்க? வாசல்ல வேப்பிலை சொருகறீங்க. வெளியாள் வரமாட்டாங்க, பிள்ளையும் வெளியே போகாது, தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காம நம்ம பாட்டிமார் செஞ்சது அது. அம்மைக்குத் தெரிஞ்ச மரியாதை காய்ச்சலுக்கு ஏன் இல்லை?" அம்மையில் கொப்புளம் அத்தனையும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், ஈரக் கொப்புளம் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்றார். பொன்னுக்கு வீங்கிக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதைப் பற்றி, "தாராளமா போடுங்க, வீட்டுக்குள்ளேயே போடுங்க" என்றபோது எல்லோரும் சிரித்துவிட்டோம். அரசு போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும்தான், பொன்னுக்கு வீங்கிக்கு அதில் மருந்து இல்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எம்.எம்.ஆர். என்று வெளியில் காசு கொடுத்துப் போடுவதில்தான் அது சேர்ந்திருக்கிறது.

அப்போது நூல் மில்லுக்குப் போகும் ஒரு அம்மா எழுந்தார். "ஏனுங்க டீச்சர், பையனை வீட்டுல வெச்சா என் ஒரு நாள் கூலி போச்சுங்க. காலை டிபனும் மத்தியானச் சோறும் இங்கதானுங்க கிடைக்குது" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. டீச்சர் சமாளிக்கப் பார்க்கவில்லை. "உங்களுக்கு என்கிட்ட பதில் இல்லைம்மா. ஆனா என் கையில இருக்கறதைச் செய்யறேன். இந்த வருஷத்திலிருந்து லீவு போடாததுக்குப் பரிசு கிடையாது. காய்ச்சல் லீவுக்கு லெட்டர் கூட வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட சொல்லி அனுப்பினா போதும்" என்றார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். நோயோடு வந்தாவது வருகைப் பதிவேட்டை நிரப்பு என்று பிள்ளைக்குச் சொல்லித் தருவது அந்தப் பரிசுதான். அதை எல்லாப் பள்ளிகளும் நிறுத்த வேண்டும். நல்ல பழக்கத்துக்குத்தானே கொடுக்கிறார்கள் என்று என் கணவர் வாதாடுகிறார். அவர் திங்கட்கிழமை காலையில் சிரப் ஊற்றியவர் இல்லை!

கை கழுவுவதற்கு டீச்சர் பிரசங்கம் செய்யவில்லை. முன் வரிசையில் இருந்த என்னைக் கூப்பிட்டு, இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவி, சிவப்புக் கோலப்பொடியைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். வெறும் தண்ணீரில் ஒன்றும் போகவில்லை. சோப்புப் போட்டு நான் வழக்கமாகக் கழுவுகிற மாதிரி கழுவினேன். உள்ளங்கை சுத்தம். கட்டைவிரலைச் சுற்றியும், விரல் இடுக்கிலும், நகத்தடியிலும் சிவப்பு அப்படியே! அந்த இடங்களையும் சேர்த்து 20 வினாடி தேய்க்க வேண்டும் என்றார். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு. நுரை வராததால் பிள்ளைகள் சோப்பே வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நுரை குறைந்தாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் சோப்பு எடுத்துத் தேய்த்தால் அழுக்கு போகும். பள்ளிக் குழாயடியில் சோப்புக் கட்டி தங்குவதில்லை, காக்காய் தூக்குகிறது, மண்ணில் விழுகிறது. அதற்கும் வழி சொன்னார். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் துணி சோப்புத் தூள் கரைத்து, மூடியில் ஓட்டை போட்டுக் கட்டிவிட்டால் பிழிந்து பிழிந்து கழுவலாம்.

கிருமி, நோய் என்று பயமுறுத்தினால் யாரும் கை கழுவுவதில்லையாம். கொரோனா போனதும் நாம் சோப்பை மறந்ததைப் பார்த்தாலே தெரிகிறதே. பக்கத்துச் சித்தூர் மாவட்டக் கிராமங்களில் 2011-ல் 'சூப்பர் அம்மா' என்று ஒரு முயற்சி நடந்ததாம். நோயைப் பற்றிப் பேசாமல், பிள்ளையை நல்லபடி வளர்க்கும் ஒரு தாயின் கதையாகக் காட்டினார்கள். அதற்கு முன் கழுவ வேண்டிய நேரங்களில் 100-க்கு 1 தடவைதான் சோப்புப் போட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 37 தடவை. 37-தானா என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டை நினைத்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளே பாட்டில் செய்து பள்ளிக்குக் கொடுத்தேன். மில்லுக்குப் போகும் அந்த அம்மாவிடம், உன் பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் என் வீட்டில் விட்டுவிட்டுப் போ, என் பையனுக்கு வந்து போய்விட்டது, மறுபடி வருவது அபூர்வம் என்று சொல்லியிருக்கிறேன். மற்றக் காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று அவர் கேட்டார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

— ஒரு வாசகி, ராசிபுரம்